உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு!

சின்ன வயதில் பாண்டி ஆடாதவர்கள் நம்மில் யார்? மண்ணில் கோடு கிழித்து, சில்லை எறிந்து, நொண்டியடித்துக்கொண்டே கட்டம் கட்டமாகத் தாண்டுவோம். கால் கோட்டில் பட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. தோற்றவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் சேர்ந்துகொள்வாள். தோல்வி என்பது அவ்வளவுதான்!

கோட்டில் கால் பட்ட அந்த நிமிஷமே துப்பாக்கி வெடித்து, அவள் அங்கேயே விழுந்து செத்தால்?

'சீ, இதென்ன பேச்சு!' என்கிறீர்களா? ஆனால், உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவரைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கற்பனையை மணிக்கணக்காகக் கண் கொட்டாமல் பார்த்திருப்பார். முன்பின் அறியாதவர்களை ஓரிடத்தில் அடைத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஆட வைத்து, தோற்றவர்களைக் கொன்று போடும் கதைகள் இன்று உலகமெங்கும் சக்கைப்போடு போடுகின்றன. அவற்றில் பெரும் பேர் வாங்கியது தென் கொரியாவின் 'ஸ்க்விட் கேம்'. 2021 செப்டம்பர் 17-ஆம் தேதி வெளிவந்த தொடர் இது. 2024 டிசம்பரில் இரண்டாம் பாகமும், 2025 ஜூனில் மூன்றாம் பாகமும் வந்து கதை முடிந்தது. 'ஸ்க்விட்' என்றால் கணவாய் மீன். கணவாய் போன்ற உருவத்தை மண்ணில் கீறி ஆடும் கொரியச் சிறுவர்களின் விளையாட்டு அது. நம் பாண்டிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பேத்தியும் பாட்டியும் சேர்ந்து இந்தத் தொடரின் முதல் பாகத்தைப் பார்த்தார்கள். பாட்டியின் கணவர் ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் வேலை செய்தவர். பாஷை புரியாத இடங்களில் பேத்தி கதை சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டி நடுவில் ஒரு கேள்வி போட்டார்.

"ஏங் கண்ணு, இவங்களை யாராச்சும் கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்களா? அவங்களாத்தானே வந்தாங்க? அப்புறம் எதுக்கு அழுவறாங்க?"

"அமுச்சி, அவங்களுக்குக் கடன் இருக்குதுங்க."

"கடன் யாருக்குத்தான் இல்லை?" என்றார் பாட்டி.

இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிய கட்டுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். பாட்டியின் கேள்வியைப் போல் நேராக முடிச்சில் கை வைத்தவை மிகச் சிலவே. 'அவங்களாத்தானே வந்தாங்க?' ரத்தத்தையும் முகமூடியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம், வாருங்கள்.

நூறு பேரும் நூற்றொரு பேரும்

கதையின் நாயகன் கி-ஹுன் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவன். சிறு கடைகள் வைத்து நொடித்துப்போனான். மனைவி பிரிந்துவிட்டாள். வட்டிக்காரர்களுக்கு 16 கோடி வோன், வங்கிக்கு 25 கோடியே 50 லட்சம் வோன் பாக்கி. 'வோன்' என்பது கொரிய நாணயம். அங்கே கோடி என்பது நம் ஊர்க் கோடியைவிட மிகச் சிறிய தொகை. ஆனாலும் வேலையில்லாத ஒருவன் ஆயுள் முழுவதும் உழைத்தும் அடைக்க முடியாத கடன்தான். முதல் அத்தியாயத்திலேயே வட்டிக்காரர்கள் அவனைப் பிடித்து ஒரு பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறார்கள். மையில் அல்ல, அவன் மூக்கிலிருந்து வழியும் ரத்தத்தில்! ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் சிறுநீரகத்தையும் கண்ணையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவனே சம்மதித்துக் கொடுத்த பத்திரம் அது.

அப்படிப்பட்டவனிடம்தான் ரயில் நிலையத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஒரு கனவான் வந்து பேச்சுக் கொடுக்கிறான். காகித அட்டையை அடித்துப் புரட்டும் ஒரு பந்தயம். ஜெயித்தால் ஒரு லட்சம் வோன். தோற்றால், கையில் பணமில்லாததால், கன்னத்தில் ஓர் அறை. கி-ஹுன் அறை வாங்கி வாங்கிக் கன்னம் சிவந்து, கடைசியில் ஜெயிக்கிறான். காசைக் கண்டதும் பட்ட அறையெல்லாம் மறந்துபோகிறது. இந்தச் சிறு காட்சியைக் கவனித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உடம்பைக் காசாக மாற்றலாம் என்ற பாடம் அங்கேயே சொல்லிக்கொடுக்கப்பட்டாகிவிட்டது. பிற்பாடு தீவில் நடப்பதெல்லாம் அதே பாடத்தின் பெரிய வகுப்புதான்.

தீவில் 456 பேர் சேர்கிறார்கள். ஒவ்வோர் உயிருக்கும் 10 கோடி வோன் விலை. ஒருவர் செத்தால் அந்தத் தொகை, தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடி உண்டியலில் கொட்டுகிறது. கடைசி வரை மிஞ்சுபவருக்கு அத்தனையும். எல்லாருமே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தாளில் மூன்றே ஷரத்துகள். ஆட்டத்தைத் தானாக நிறுத்தக்கூடாது; ஆட மறுப்பவர் நீக்கப்படுவார்; பெரும்பான்மையோர் சம்மதித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம். 'நீக்கப்படுவார்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தாள் சொல்லவில்லை. முதல் ஆட்டம் தொடங்கிய பிறகு துப்பாக்கிதான் சொல்கிறது.

அந்த முதல் ஆட்டம், கொரியக் குழந்தைகள் 'முகுங்வா பூ பூத்தது' என்று கூவி ஆடுவது. முகுங்வா என்பது அவர்களுடைய தேசியப் பூ; நம் செம்பருத்தியின் இனம். கூவும்போது ஓடலாம், கூவல் நின்றதும் அசையாமல் நிற்கவேண்டும். அசைந்தவர்கள் சுடப்படுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் 255 பேர் பிணம். மிஞ்சியவர்கள் 201.

'இத்தகைய கொடூரத்தைப் பார்த்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஓடிவிட்டிருப்பார்களே!' என்று நினைப்பீர்கள். மூன்றாவது ஷரத்தின்படி வாக்கெடுப்பு நடக்கிறது. வாக்குப் போடுவதற்கு முன்னால், காவலர்கள் மேலே உண்டியலைக் காட்டுகிறார்கள். செத்துப்போன 255 பேருக்கான 2,550 கோடி வோன் அதில் மின்னுகிறது. ஒவ்வொருவராக வந்து பொத்தானை அழுத்துகிறார்கள். தொடரவேண்டும் என்று 100 பேர். நிறுத்தவேண்டும் என்று 100 பேர். கடைசி வாக்கு ஒரு கிழவருடையது. அவர் 'நிறுத்து' என்கிறார். எல்லாரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். (அந்தக் கிழவர் யார் என்பதை இங்கே சொன்னால், இன்னும் பார்க்காதவர்கள் என்னைச் சபிப்பார்கள்!)

இந்த வாக்கெடுப்பு வரும் அத்தியாயத்தின் பெயர் 'நரகம்'. வேடிக்கை என்னவென்றால், அந்த அத்தியாயத்தில் தீவு கொஞ்ச நேரம்தான் வருகிறது. பெரும்பகுதி ஊரில் நடக்கிறது. கி-ஹுன் வீடு திரும்பினால், தாயாருக்குச் சர்க்கரை வியாதியால் கால் புண் முற்றிவிட்டது; ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப் பணமில்லை. பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி அலிக்கு ஆறு மாதச் சம்பளத்தை முதலாளி தரவில்லை. வட கொரியாவிலிருந்து தப்பி வந்த பெண் சே-ப்யோக், தாயை மீட்டு வரத் தரகனுக்குப் பணம் தேடுகிறாள். மறுபடியும் அழைப்பு வருகிறது. 201 பேரில் 187 பேர் திரும்பிப் போகிறார்கள்!

இங்கேதான் பாட்டியின் கேள்விக்குக் கதை பதில் சொல்கிறது. ஆம், அவர்களாகத்தான் வந்தார்கள். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். இரண்டாம் தரம் சாவை நேரில் பார்த்துவிட்டு வந்தார்கள். சங்கிலி போட்டு இழுத்தவர் யாரும் இல்லை. அவர்கள் பின்னால் விட்டு வந்த வீடுதான் சங்கிலி.

எதற்கும் ஒரு 'சம்மதம்'

இந்த வகைக் கதை ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கானெல் 1924-இல் எழுதிய சிறுகதையில், தனித் தீவில் வாழும் ஒரு ருஷ்யப் பிரபு, கப்பல் உடைந்து கரையேறியவர்களை மிருகம்போல் வேட்டையாடுகிறான். அவனும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லையாம்! கையில் உணவும் கத்தியும் கொடுத்து, மூன்று மணி நேரம் முன்னால் ஓட விட்டு, மூன்று நாள் தப்பிவிட்டால் விடுதலை என்கிறான். 'எனக்கு இந்த ஆட்டம் வேண்டாம்' என்பவர்களைத் தன் வேலைக்காரனிடம் ஒப்படைத்துவிடுவான். அந்த வேலைக்காரன் முன்பு ஜார் மன்னனிடம் சாட்டையடி கொடுக்கும் உத்தியோகம் பார்த்தவன். ஆகவே, எல்லாரும் 'தாமாகவே' வேட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜப்பானில் கோஷுன் டகாமி 1999-இல் எழுதிய 'பேட்டில் ராயல்' நாவலில் மட்டும் இந்த நாகரிகமெல்லாம் கிடையாது. ஒரு பள்ளி வகுப்பின் 42 பிள்ளைகளைச் சர்க்காரே தீவில் இறக்கிவிட்டு, ஒருவரையொருவர் கொல்லச் சொல்கிறது.

அமெரிக்காவின் சூசன் காலின்ஸ் 2008-இல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' நாவலில் வரும் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 'பிடித்தது' என்றால், எழுத்தாளரின் கூர்மை பிடித்தது என்று அர்த்தம். அங்கே பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் 12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து ஆட்டத்துக்கு அனுப்புகிறார்கள். சட்டப்படி எல்லாப் பிள்ளைகளும் சமம். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை, தன் பெயரை இன்னொரு சீட்டில் கூடுதலாக எழுதிப் போட்டால், ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து சீட்டு. வருஷா வருஷம் சீட்டுகள் கூடிக்கொண்டே போகும். பதினாறு வயது நாயகியின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. அவளுடைய பதினெட்டு வயது நண்பனின் பெயர் 42 சீட்டில். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரே சீட்டுத்தான் கூடும். குலுக்குகிறவர் கையில் எந்தச் சூதும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் எடுக்கிறார். சூது எல்லாம் ரேஷன் கடையிலேயே முடிந்துவிட்டது!

மில் சங்கு கேட்டவர்களுக்கு

'இதெல்லாம் கொரியாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் சமாசாரம்; கோயம்புத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம்.

கி-ஹுன் வேலை இழந்த கதை முழுக்கக் கற்பனை அல்ல. 2009-இல் தென் கொரியாவின் ப்யோங்டேக் நகரில், சாங்யோங் மோட்டார் தொழிற்சாலை சுமார் 2,600 பேரை வெளியேற்ற முனைந்தபோது, தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே 77 நாள் உட்கார்ந்து போராடினார்கள். போலீஸ் வந்து அடக்கியது. பின்வந்த வருஷங்களில் அந்தத் தொழிலாளர்களிலும் குடும்பத்தாரிலும் முப்பது பேர் வரை இறந்துபோனார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தொடரை எழுதி இயக்கிய ஹ்வாங் டோங்-ஹ்யுக், இந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்தே நாயகனைப் படைத்ததாகச் சொல்லியிருக்கிறார். காலையில் மில் சங்கு கேட்டு அடுப்பு மூட்டிய வீடுகளும், ஒரு நாள் அந்தச் சங்கு நின்றுபோனதைக் கண்ட வீடுகளும் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்த வீடுகளில் கி-ஹுனை அறிமுகப்படுத்தவேண்டிய அவசியமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் மேலே. தலைக்கு மேலே தொங்கும் அந்தக் கண்ணாடி உண்டியலை நம் கொங்கு நாட்டிலேயே ஒரு காலத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் இருபது வருஷங்களுக்கு முன்னால் பரவலாக நடந்தது. தரகர் கிராமத்துக்கு வருவார். பெண்ணைப் பெற்ற ஏழைத் தகப்பனிடம், 'மூணு வருஷம் மில்லில் இருக்கட்டும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் உண்டு. முடிஞ்சதும் கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்' என்பார். தொகை சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆனால் வரதட்சணை போனதா? 'சுமங்கலி' என்ற சொல்லை எடுத்துத் திட்டத்துக்கு வைத்த சாமர்த்தியத்தை என்ன சொல்வது! தகப்பன் கையெழுத்துப் போடுவார். பெண்ணும் சரி என்பாள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடும்பம் நடத்தும் நமக்குக் கணக்கு கைவந்த கலைதானே! கடைசியில் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு 1,095 நாள். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 37 ரூபாய்கூட வரவில்லை. அதாவது, பெரிய பரிசுபோல் தெரிந்த தொகை, தினக்கூலியிலிருந்து நாள்தோறும் பிடித்து வைக்கப்பட்ட பணம்தான். அவள் சம்பாதித்ததையே அவளுக்குப் பரிசாகக் காட்டினார்கள்.

இதில் மர்மம் எங்கே இருக்கிறது? மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தத் தொகை. முப்பது மாதம் கழிந்த பிறகு பஞ்சுத் தூசியால் மூச்சு முட்டியோ, மாதவிலக்குக் கோளாறாலோ, வேலை தாங்காமலோ ஒரு பெண் வீட்டுக்குப் போனால், அந்தப் பிடித்தம் முழுவதும் பல இடங்களில் கைவிட்டுப் போயிற்று. ஆகவே நோயுற்றாலும் இருந்தாள். 'இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் ஆறு மாசந்தானே' என்று இருந்தாள். விடுதியிலிருந்து தனியே வெளியே போகக்கூடாது, போனில் பேச நேரக் கட்டுப்பாடு, பன்னிரண்டு மணி நேர வேலை என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. 2011-இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் இதைப் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டன. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளே விசாரிக்கத் தொடங்கின. எல்லா ஆலைகளும் அப்படி நடந்துகொள்ளவில்லை. ஒழுங்காகப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் தாலி ஏறிய பெண்களும் இருக்கிறார்கள்.

தொடருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. இங்கே துப்பாக்கி இல்லை, தோற்றவளைச் சுடுவதில்லை. ஒருத்தி போனதால் மற்றவளுக்குப் பரிசு கூடுவதும் இல்லை. ஆனால் விட்டுப் போக முடியாமல் பிடித்து வைக்கும் தந்திரம் அச்சாக ஒன்றுதான். பரிசு கடைசி நாளில் இருக்கிறது. நேற்றுவரை பட்ட பாடெல்லாம் நாளைக்குப் படவேண்டிய பாட்டுக்குப் பிணை.

இரண்டாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டி எழுத மனம் வரவில்லை. ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் அக்கரையில் இருக்கிறது பள்ளிபாளையம். விசைத்தறிகளின் ஊர். 2025 ஜூலையில், அங்கே கடன் தாங்காத தறித் தொழிலாளர்கள் தரகர் மூலம் சிறுநீரகத்தைச் சில லட்சங்களுக்கு விற்ற செய்தி வெளிவந்து தமிழ்நாட்டையே உலுக்கியது. சர்க்கார் விசாரணை நடத்தியது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் உறுப்பு மாற்று அனுமதி பறிபோயிற்று. மதுரை ஹைகோர்ட் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. உறுப்பை விற்பது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுப்பதானால், அன்பினாலும் பாசத்தினாலுமே கொடுப்பதாக ஒரு குழுவின் முன் நிரூபிக்கவேண்டும். அப்படியானால், விற்பனை நடக்கும் இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர், முன்பின் பார்த்திராத ஒருவர்மேல் தமக்குப் பாசம் என்று தாளில் கையெழுத்துப் போட்டாகவேண்டும். கி-ஹுன் மூக்கு ரத்தத்தில் போட்ட கைநாட்டு நினைவுக்கு வருகிறதா?

தீவிலும் உறுப்பு வியாபாரம் நடக்கிறது. சில காவலர்கள், ஆட்டக்காரர்களில் ஒருவரான டாக்டரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செத்தவர்களின் உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள். கூலியாக டாக்டருக்கு, அடுத்த ஆட்டம் என்ன என்பதை ரகசியமாகச் சொல்லிவிடுகிறார்கள். தலைவன் கண்டுபிடித்து அவர்களைக் கொன்று, எல்லாரும் பார்க்கும்படி பிணங்களைத் தொங்கவிடுகிறான். எதற்காகத் தெரியுமா? உறுப்பைத் திருடியதற்காக அல்ல. ஒருவனுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லியதால் 'சமத்துவம்' கெட்டுவிட்டதாம்! வெளியுலகில் அநியாயம் பட்டவர்களுக்கு நியாயமான கடைசி வாய்ப்பை அளிக்கும் இடமல்லவா இது என்று கொதிக்கிறான். தொடரிலேயே குத்தல் அதிகமான இடம் இது என்பேன். விதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பவன், ஆட்டமே இருக்கலாமா என்று பார்ப்பதில்லை.

முதலாளியும் அண்ணாவும்

கோலிக்குண்டு ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. இருவர் இருவராகச் சேரச் சொல்கிறார்கள். கூட்டாளி என்று நம்பி அவரவர் தமக்கு மிகவும் வேண்டியவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, ஆட்டம் கூட்டாளிக்கு எதிராக என்று. ஆளுக்குப் பத்துக் குண்டு. அரை மணி நேரத்தில் எதிராளியின் பத்தையும் பெறவேண்டும்.

அலியாக நடித்தவர் அனுபம் திரிபாதி, தில்லிக்காரர். கொரியாவில் நாடகக் கலை படித்தவர். அலிக்குக் கொரியர்களையெல்லாம் 'முதலாளி' என்று கூப்பிட்டே பழக்கம். பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்து, பிறர் பணத்தைத் தொலைத்துவிட்ட சாங்-வூ, ஒரு நாள் அவனுக்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தான். 'முதலாளி என்று சொல்லாதே, அண்ணா என்று கூப்பிடு' என்றும் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காக அலி அவனை முழுக்க நம்பினான். குண்டாட்டத்தில் அலி ஜெயித்துக்கொண்டு வந்தபோது, சாங்-வூ நயமாகப் பேசி, குண்டுப் பையை வாங்கிக் கட்டித் தருவதுபோல் தந்து, உள்ளே கூழாங்கல்லைப் போட்டுவிடுகிறான்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், நம் வீட்டுப் பக்கத்து ஓட்டல்களிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் எல்லாரையும் 'அண்ணா' என்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும். அந்த அத்தியாயத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் காதில் விழும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நல்ல சரக்கும் போலிச் சரக்கும்

இந்த வகையில் வெறும் ரத்தக் களரியும் ஏராளமாக வருகிறது. விமர்சனம் என்று சொல்லிக்கொண்டு கொலையை மட்டும் விற்கும் படங்களே அதிகம். பிரித்தறிவது கஷ்டமில்லை. முதல் சாவுக்கு முன்னால், சாகப்போகிறவர் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார், யாருக்குப் பட்டிருக்கிறார் என்று கதை சொல்லியிருக்கிறதா, பாருங்கள். சொல்லியிருந்தால் அது மனிதர்களைப் பற்றிய கதை. சொல்லாமல், விதவிதமாகச் சாகடிப்பதிலேயே மூளையைச் செலவழித்திருந்தால் அது வேறு சரக்கு. ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் காட்டுகிறதா என்பதும் முக்கியம். ஸ்க்விட் கேமில் தங்க முகமூடி போட்ட சீமான்கள் மதுக் கிண்ணத்தோடு சோபாவில் சாய்ந்து, பந்தயம் கட்டிப் பார்க்கிறார்கள். சோபாவில் சாய்ந்து பார்க்கும் நாமும் ஒரு நிமிஷம் நெளிகிறோம்.

ஆனால் இந்த நெளிவு நெடுநேரம் நிற்பதில்லை. 2023 நவம்பரில் அதே நிறுவனம், 456 நிஜ மனிதர்களைக் கூட்டி, அதே பச்சை உடை போட்டு, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசு வைத்து, போட்டி நிகழ்ச்சியாகவே நடத்திவிட்டது! யாரும் சாகவில்லை, தோற்றவர்களின் சட்டைக்குள் மைப் பொட்டலம் உடைந்தது. பரிசுப் பணத்துக்காக மனிதர்களை ஆட வைப்பதைப் பழித்த கதை, பரிசுப் பணத்துக்காக மனிதர்களை ஆட வைத்தது. கதாசிரியரின் நையாண்டி கம்பெனிக்குப் புரியவில்லையா, அல்லது மிக நன்றாகப் புரிந்துவிட்டதா?

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. இது வயதுவந்தோருக்கான தொடர். 2021-இல் பெல்ஜியம் நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் முகுங்வா ஆட்டத்தை ஆடித் தோற்றவர்களை அடிப்பதாகப் பெற்றோருக்கு எச்சரிக்கை அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குக் கடன் தெரியாது, வட்டி தெரியாது. அவற்றை எடுத்துவிட்டால் மீதி நிற்பது அடிதான்.

ஹ்வாங் இந்தக் கதையை எழுதத் தொடங்கியது 2008-இல். அப்போது அவரே கடனாளி. தாயாரும் பாட்டியும் கூடக் கடன் வாங்கியிருந்தார்கள். படக்கதைப் புத்தகக் கடைகளில் உட்கார்ந்து, சாவு விளையாட்டுக் கதைகளைப் படித்தே பொழுதைப் போக்கியிருக்கிறார். கைச் செலவுக்காக, கதை எழுதிக்கொண்டிருந்த மடிக்கணினியையே ஒரு சமயம் விற்கவேண்டி வந்தது. முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது, படம் எடுப்பவர்கள் 'நம்பும்படி இல்லையே' என்று திருப்பிவிட்டார்கள். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து, அதே கதை நம்பும்படி ஆகிவிட்டது.

சிங்காநல்லூர்ப் பாட்டிக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. 201 பேரில் 187 பேர் திரும்பிப் போனார்கள் அல்லவா? திரும்பிப் போகாத அந்தப் பதினான்கு பேர் என்ன ஆனார்கள்? கடனை எப்படி அடைத்தார்கள்? பேத்தி எவ்வளவு தேடியும் பதில் கிடைக்கவில்லை. ஒன்பது அத்தியாயத்தில் கேமரா ஒரு தரம்கூட அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை.